பதினொரு துண்டு வட்டம் பற்றி, ஆண்டறிக்கை தயாரிக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய வரைவில், வாடிக்கையாளர் புகார்களைக் காட்டும் வட்ட விளக்கப்படத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். 400 புகார்கள், பதினொரு வகைகள், பதினொரு நிறங்கள். பக்கத்திலேயே நிறக்குறிப்புப் பட்டியல். ஐந்தாவது துண்டுக்குமேல் எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீலத்தில் மட்டும் மூன்று வகை இருக்கிறது.

வட்டத்தையே வேண்டாம் என்பவர்களின் கட்சியில் நான் இல்லை. ஒரு முழுமையின் பங்குகளைக் காட்ட அது நல்ல வடிவம்தான். பாதி, கால் என்ற இரண்டு அளவுகளைக் கண் சட்டென்று பிடித்துக்கொள்ளும். உங்கள் படத்தில் தாமத விநியோகம் 172, அதாவது 43%. தவறான பில் 96, அதாவது 24%. பாதியை நெருங்கும் ஒன்றும், ஏறக்குறைய காலாக இன்னொன்றும் இருப்பது எண்களைப் படிக்காமலே தெரிகிறது. வட்டம் இதைச் சொல்லத்தான். ஆனால் 14 சதவீதத்துக்கும் 12 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியாது. அதற்குப் பட்டை விளக்கப்படம் வேண்டும். ஒருவரே மூன்று புகார்களில் குறியிடலாம் என்ற படிவத்தில், அத்தனை பேரில் எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டால் கூட்டல் நூறைத் தாண்டிவிடும். அப்போது முழுமை என்ற ஒன்றே இல்லை, வட்டமும் இல்லை.

இனி, சிக்கல் செய்த அந்தச் சின்னத் துண்டுகள். மூன்றாவது சேதமான பொருள், 56. நான்காவது தொலைபேசி எடுக்காதது, 36. அடுத்த ஏழும் 12, 8, 6, 5, 4, 3, 2. ஒரு சதவீதத்துக்கு வட்டத்தில் 3.6 பாகை கிடைக்கும். அப்படியானால் கடைசி வகைக்கு 1.8 பாகைதான், அது துண்டல்ல, கோடு. அதற்குப் பெயர் எழுத ஓர் அம்புக்குறி, அதை மறிக்கும் இன்னோர் அம்புக்குறி என்று படத்தின் ஓரம் முட்புதராகிவிட்டது.

இந்த ஏழையும் ‘மற்றவை’ என்று ஒன்றாக்குங்கள். எங்கே வெட்டுவது? மூன்று சதவீதத்துக்குக் கீழே என்று கண்ணை மூடிக்கொண்டு விதி வைத்தால், சரியாக 3% இருக்கும் அந்த 12 தனியே தொங்கும். இறங்குவரிசையில் அடுக்கிவிட்டு எண்கள் எங்கே சட்டென்று விழுகின்றன என்று பாருங்கள். 36க்குப் பிறகு 12: அங்கேதான் பள்ளம். ஏழின் கூட்டுத்தொகை 40, அதாவது 10%.

கூட்டிவிட்டு அப்புறம் முழு எண்ணாக்குங்கள். வரிசை மாறக் கூடாது. நீங்கள் ஏழையும் தனித்தனியே முழு எண்ணாக்கியதால் 3, 2, 2, 1, 1, 1, 1 என்று 11 ஆகி, உங்கள் படம் 101% காட்டுகிறது. கூட்டிப் பார்க்கும் வாசகர் ஒருவராவது இருப்பார்.

பெரிய துண்டை உச்சியில் தொடங்கி வலஞ்சுழியாக இறங்குவரிசையில் வையுங்கள். ‘மற்றவை’ 10%, தொலைபேசி 9% என்றாலும் ‘மற்றவை’ கடைசியில்தான் வர வேண்டும், சாம்பல் நிறத்தில், ‘மற்றவை (7 வகைகள்)’ என்ற பெயரோடு. எக்செலில், சிறு துண்டுகளைப் பக்கத்தில் இன்னொரு வட்டமாகப் பிரித்துக் காட்டும் Pie of Pie பயன்படுத்துவதாக இருந்தால், Split Series By என்பதில் Position இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பட்டியலின் கடைசி வரிசைகளைத்தான் பிரித்தெடுக்கும், சிறியவற்றை அல்ல. வரிசைப்படுத்தாத பட்டியலில் ‘சேதமான பொருள்’ போய் ‘மற்றவை’க்குள் உட்கார்ந்துகொள்ளும்.

வளையமாக வரையலாமா என்று கேட்டிருந்தீர்கள். வரையலாம். நடுவில் 400 என்ற மொத்தத்தை எழுத இடம் கிடைக்கும். அது ஒன்றுதான் லாபம். மையத்தில் கோணம் கூடும் இடம் மறைந்துவிடுவதால் வாசகர் வில்லின் நீளத்தை நம்பியே அளக்கிறார். அதனால் துளையைப் பெரிதாக்கி வளையத்தைக் கம்பியாக்கிவிடாதீர்கள்.

ஒரு நாள் ‘மற்றவை’ 30 சதவீதமாக வளர்ந்துவிட்டால் வட்டத்தைக் கைவிட்டுப் பட்டைக்குப் போய்விடுங்கள். பெயரில்லாத ஒன்று இரண்டாம் இடத்தில் உட்கார்ந்திருக்கும் படம் எதையும் சொல்லாது. அடுத்த ஆண்டோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், இப்போது சேர்த்த அதே ஏழு வகைகளையே அப்போதும் சேர்க்க வேண்டும். அவற்றில் ஒன்று வளர்ந்து தனித்துண்டு ஆனால், பழைய படத்திலும் அதைப் பிரித்து வரைய வேண்டியிருக்கும்.

இன்னொன்று. கடைசி வகையில் உள்ள 2 புகார்கள் எவை என்று பட்டியலில் தேடிப் பார்த்தேன்: ‘பொருளால் காயம்’. படத்தில் அவை ‘மற்றவை’க்குள் போகட்டும். ஆனால் படத்துக்குக் கீழே உள்ள பத்தியில் முதல் வரியாக அவற்றை எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரைவைப் படித்துப் பார்க்கும் ஊழியர்