பொருள்: எச்சரிக்கை விளக்குப் படத்துக்குத் தவறான பதில் தந்தது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

போன வாரம் என் காரின் டேஷ்போர்டைப் படம் எடுத்து உங்கள் சேவைப் பிரிவுக்கு அனுப்பி, சிவப்பாக எரியும் விளக்கு எதைச் சொல்கிறது என்று கேட்டேன். "சாவி போட்டதும் எல்லா விளக்கும் எரிந்து அணையும். இது வழக்கம்தான், வண்டியை ஓட்டலாம். அடுத்த சர்வீஸில் ஆயில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. படத்தை ஒழுங்காகப் பார்த்தவர் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

அந்தப் படத்தை மறுபடி திறந்து பாருங்கள். ஆர்.பி.எம். முள் 800-க்குப் பக்கத்தில் நிற்கிறது. சாவியை மட்டும் திருப்பியிருந்தால் அது பூஜ்யத்தில் கிடக்கும். பேட்டரி விளக்கும் எரியவில்லை. இன்ஜின் ஓடி ஆல்டர்நேட்டர் சார்ஜ் ஏற்றினால்தான் அது அணையும். ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகளும் இல்லை. எரிவது இரண்டே இரண்டு. ஒன்று, நான் இழுத்துவிட்டிருந்த ஹேண்ட் பிரேக். இன்னொன்று மூக்கு நீண்ட எண்ணெய்க் கிண்டியும் அதன் நுனியில் ஒரு சொட்டும். இன்ஜின் ஓடும்போது இந்தக் கிண்டி சிவப்பாக எரிந்தால் ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்று பொருள். ஓரம் கட்டி உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும்.

ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்ற அர்த்தத்தில் உங்கள் ஆள் சொன்னதும் தவறு. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன், இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் இருந்தது. அளவு சரியாக இருந்தும் அழுத்தம் இல்லாமல் போகலாம். நல்லவேளை, உங்கள் பேச்சைக் கேட்டு ஓட்டாமல் வண்டியை இழுத்துக்கொண்டு போனேன். மெக்கானிக் அந்த விளக்கை எரியவைக்கும் ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டினார். இன்ஜின் சூடேறியதும் ஐடிலில் 0.2 பார்தான் காட்டியது. சுவிட்ச் பொய் சொல்லவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றினால் ஆயில் உறிஞ்சும் வலையில் கறுப்புக் களிம்பு அப்பிக்கிடந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங் தேய்ந்து இன்ஜினே இறுகி நின்றுபோயிருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரு படத்தில் எல்லாம் தெரியாது. விளக்கு நிலையாக எரிகிறதா, மினுக்குகிறதா என்று அதில் தெரியாது. வெளிச்சம் கூடினால் மஞ்சளும் சிவப்பும் ஒன்றுபோல விழும். அதற்காகத்தான் "இன்ஜின் ஓடுகிறதா? மினுக்குகிறதா?" என்று திருப்பிக் கேட்கவேண்டும். நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உங்கள் கையேட்டைப் புரட்டினால் அங்கேயும் சின்னங்கள் கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகியிருக்கின்றன! நிறம் தெரியாமல் எச்சரிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது?

வண்டியை இழுத்த செலவைத் திருப்பித் தாருங்கள், ரசீது இணைத்திருக்கிறேன். எனக்கு அனுப்பிய பதில் தவறு என்று எழுத்தில் தெரிவியுங்கள். கையேட்டின் சின்னப் பக்கத்தை வண்ணத்தில் அச்சிடுங்கள். பதினைந்து நாளில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: டேஷ்போர்டு படம், உங்கள் பதில், கேஜ் படம், ரசீது