கத்தரிப்பூ நிறம்தான், முடிவு செய்துவிட்டேன்

புதுச்சேரி

அன்புள்ள தோழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தையின் முட்டிவலி தேவலாம். குட்டியின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, தை மாதக் கடைசி ஞாயிறு. பத்திரிகை தனியாக வரும். அதற்குள் உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: நான் என்ன கட்டப்போகிறேன்?

நீ உடனே அத்தையின் அரக்குப் பட்டைச் சொல்வாய். அது வேண்டாம். சாணளவு ஜரிகைக் கரையோடு கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை. கல்யாண வீட்டில் அரை மணி நேரம் நிற்க அது சரி. இங்கே புஷ்பாஞ்சலியில் தொடங்கி மங்களம் வரை இரண்டரை மணி நேரம். வர்ணம் மட்டுமே அரை மணிக்கு மேல் போகும். முன்வரிசையில் இருப்பவள் அதன் நடுவில் எழுந்து கொசுவத்தைச் சரிசெய்ய முடியுமா? போதாததற்கு, குட்டியின் உடை மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. நானும் அரக்கில் நின்றால் படத்தில் இருவரும் ஒரே துணியில் வெட்டியதுபோல் தெரிவோம்.

அதனால் நேரு வீதிக்குப் போய், மெல்லிய கரை வைத்த லேசான பட்டில் கத்தரிப்பூ நிறம் எடுத்துவிட்டேன். மஞ்சளுக்குப் பக்கத்தில் அது எடுப்பாக இருக்கும், ஆனால் அவளை மறைக்காது. உனக்குப் பிடித்த மயில்கழுத்தையும் பார்த்தேன். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் மேடை விளக்கில் ஒரு படத்தில் நீலமாகவும் அடுத்ததில் பச்சையாகவும் விழும். பொடிக் கட்டம் போட்டதும் வேண்டாம், வீடியோவில் அந்தக் கோடுகள் நெளியும்.

புடவை சுலபம். ரவிக்கைதான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. யோசித்துப் பார், அன்றைக்கு மேடையில் நான் என்ன செய்யப்போகிறேன்? குத்துவிளக்கு ஏற்றக் குனிய வேண்டும். டீச்சருக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் பொன்னாடை போர்த்தக் கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். அப்போதெல்லாம் சபைக்கும் கேமராவுக்கும் தெரிவது என் முதுகு. முதுகில் ஆழமாக வெட்டி நாடா கட்டுவதுதான் இப்போது வழக்கம் என்று தையல்காரர் சாதித்தார். வேண்டவே வேண்டாம் என்றேன். முதுகுக் கழுத்து மேலே ஏறி இருக்கட்டும், கை முழங்கை வரை, உயரம் வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதல்.

கையைத் தூக்கினால் ரவிக்கை முழுவதும் மேலேறி இடுப்பு தெரிகிறது என்றதற்கு, "அக்குளைத் தளர்த்திவிடுகிறேன்" என்றார். தளர்த்தினால் இன்னும் மோசம்! அக்குள் வெட்டு கீழே இறங்க இறங்க, கையோடு ரவிக்கையும் சேர்ந்து எழும். வெட்டை மேலே ஏற்றி, உடம்போடு ஒட்டி, கையின் சுற்றளவை மட்டும் தாராளமாக வைக்கச் சொன்னேன். மறுபடியும் தைத்துக் கொடுத்தார். இப்போது இரு கையையும் தூக்கினாலும் கீழ்விளிம்பு இருந்த இடத்தில் இருக்கிறது. உள்ளே பருத்தி லைனிங். நம் ஊர்க் கடற்கரைப் புழுக்கத்தில் வேறு எதுவும் தாங்காது. உள்பாவாடையும் பருத்திதான். வழுவழுப்பான துணி என்றால் உட்கார உட்காரக் கொசுவம் கீழே இறங்கிவிடும்.

இன்னொன்று, நேற்றுதான் உறைத்தது. மேடையில் செருப்பு கிடையாது. குதிகால் செருப்போடு அளவு பார்த்துக் கட்டினால் மேடையேறியதும் புடவை தரையில் புரண்டு காலில் சிக்கும். எனவே வெறுங்காலில் நின்று, கணுக்காலை மூடும் உயரத்தில் கட்ட வேண்டும். ரொம்பவும் தூக்கிக் கட்டவும் கூடாது. படம் எடுப்பவர் மேடைக்குக் கீழே நின்று அண்ணாந்து எடுப்பார், கால் முழுக்கத் தெரியும். முந்தானையை மடித்துத் தோளில் குத்தும்போது பட்டுக்கு அடியில் சிறு துணித்துண்டு வைத்தால் ஊசி கிழிக்காது. ஆனால் இழுத்துக் குத்தாதே, கை தூக்க இடம் விடு. விளக்கேற்றும்போது முந்தானை நுனியை இடுப்பில் செருகிவிட வேண்டும், திரி பட்டுவிடக் கூடாது.

வர்ணம் முடிந்து விருந்தினர் பேசும் நேரத்தில் அவளுக்கு உடை மாற்ற வேண்டும். மண்டியிட்டுச் சலங்கையை இறுக்கிக் கட்டப்போவது நான்தான். அதற்காகவே கண்ணாடி வளையலும் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். முன்வரிசையில் நான் அசையும்போதெல்லாம் கலகலத்தால், பதத்துக்கு அவள் அபிநயம் பிடிக்கும் நேரத்தில் எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்பும். இத்தனை வருடம் அவள் அரைமண்டியில் நின்று தொடை நடுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாலை முழுக்க அவளுடையது.

இவருக்கு ஒட்டு வேட்டி வாங்கியாயிற்று. அவர் பாடு முடிந்தது. கொடுத்துவைத்தவர்!

நீ சனிக்கிழமையே மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பி வந்துவிடு. கட்டி முடித்ததும் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, குனிந்து, கை தூக்கிக் காட்டுகிறேன். நீ தரையில் உட்கார்ந்து போனில் கீழிருந்து படம் எடு. எது சரியில்லையோ அதைத் தயங்காமல் சொல். உன் வாய்க்கு அதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? பெரியத்தை வருகிறார்களா என்று உடனே எழுது, ஓரத்து நாற்காலி ஒன்று பிடித்து வைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி