மலையகத்தில் பைக் ஓட்டும் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

தம்பிமாரே,

கொட்டகலைப் பக்கம் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். "பாஸ், பின் மட்கார்டைக் கழற்றிட்டு நம்பர் பிளேட்டை சீட்டுக்கடியில மாட்டித் தாங்க" என்று மாதத்துக்கு நாலு பேராவது வருகிறீர்கள். நான் மாட்டித் தருவதில்லை. சிலருக்குக் கோபமும் வருகிறது.

போன மழையில் ஒரு தம்பி வேறெங்கோ அப்படி மாட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் போனான். பிளேட் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. மட்கார்ட் இல்லாததால் டயர் வாரியடித்த சேறு கடைசி இரண்டு இலக்கத்தையும் மூடிவிட்டது. பிளேட் லைட்டும் மட்கார்டோடு போயிருந்தது. பொலிஸ் மறித்து லைசனை வாங்கி, 1,000 ரூபாய்க்குத் தண்டத் தாள் எழுதிக் கொடுத்தது. அந்தத் தாள்தான் 14 நாளைக்கு லைசன். அதற்குள் பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டியிருந்தால் லைசன் கைக்கு வந்திருக்கும். சம்பளம் வரட்டும் என்று இருந்துவிட்டான். 14 நாள் தாண்டியதும் தண்டம் இரட்டிப்பாகி 2,000. 28 நாளும் தாண்டினால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். நடுவில் லைசன் இல்லாமல் ஓடினானே, அது வேறு குற்றம்.

முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள், திணைக்களம் தந்த அதே பிளேட். கடையில் அழகெழுத்தில் அடித்த ஸ்டிக்கர் அதற்கு ஈடாகாது. தொலைந்தால் முதலில் பொலிஸில் முறைப்பாடு போட்டு, அந்தப் பிரதியோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிதுக்கு விண்ணப்பியுங்கள். இருட்டியபின் பைக்கை ஸ்டார்ட் செய்து, பத்து எட்டு வைத்துப் பின்னால் போய் நின்று பாருங்கள். இலக்கம் வாசிக்க முடியவில்லையா? பொலிஸுக்கும் முடியாது.

கண்ணாடியையும் ஸ்டைலுக்காகக் கழற்றுகிறீர்கள், இல்லாவிட்டால் உள்ளே மடக்கி வைக்கிறீர்கள். நம் ரோட்டில் பஸ் வலப்பக்கமாகத்தான் முந்தும். வலது கண்ணாடி இல்லாமல் வளைவில் நடுரோட்டுக்கு விலகினால் ஹோர்ன் கேட்கும்போதே பஸ் தோளுக்குப் பக்கத்தில் நிற்கும். முழங்கை ஓரமாகக் கொஞ்சம் தெரிய, மீதியெல்லாம் பின்ரோடு தெரிகிற மாதிரித் திருப்பி, நட்டை இறுக்குங்கள். குன்றும் குழியுமான தோட்ட ரோட்டில் அது வாரத்துக்கொரு தடவை தளரும்.

டபள்ஸ் என்றால் பின்னால் ஒரே ஆள். டேங்க் மேல் உட்காரும் பிள்ளையும் ஓர் ஆள்தான். பள்ளிக்கூட நேரத்தில் அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் போவதை நானும் தினம் பார்க்கிறேன், வேன் காசு இல்லாத வீடுகள் என்பதும் தெரியும். ஆனாலும் அது குற்றம். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும்.

கிராஷ் கார்டைப் பற்றி ஒன்றே ஒன்று. ஹேண்டிலைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை வெல்ட் பண்ணாதீர்கள். வளைவில் பைக் சாயும்போது அந்தக் கம்பி தாரில் உரசி டயரைத் தூக்கிவிடும். உரசியதா என்று அடிப்பக்கம் பாருங்கள். பெயின்ட் தேய்ந்து பளபளவென்று ஒரு கோடு இருந்தால், கொண்டு வாங்க. கழற்றித் தர நான் காசு வாங்குவதில்லை.