நண்பனுக்கு: விளையாட்டு விழாத் தொடக்கக் கவிதை பற்றி

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் பள்ளி விளையாட்டு விழாவில் நேர்மையான ஆட்டத்தைப் பற்றி மாணவர் தலைவர் சொல்வதற்கு ஒரு கவிதை வேண்டும் என்றும், எங்கள் பள்ளியில் அதை எப்படிச் செய்தோம் என்று விரிவாக எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். நீ உடற்கல்வி ஆசிரியன், நான் தமிழாசிரியன். இருவர் வேலையும் சந்திக்கும் இடம் இது என்பதால் மகிழ்ச்சியோடு எழுதுகிறேன்.

எங்கள் விழாவில் கொடியேற்றமும் நான்கு அணிகளின் அணிவகுப்பும் முடிந்து, சுடர் ஏற்றிய பிறகு, உறுதிமொழிக்கு முன்பாக இந்தக் கவிதைக்கு இடம் வைத்தோம். எந்த இடத்தில் வருகிறது என்பதே கவிதை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. 1920-ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில்தான் வீரர் உறுதிமொழி முதன்முதலாக எடுக்கப்பட்டது; எடுத்தவர் விக்டர் போயின் என்ற பெல்ஜிய வாள்வீச்சு வீரர். போட்டியில் இறங்கப் போகிற ஒருவரே தம்மையும் சேர்த்துக் கட்டுப்படுத்திச் சொன்ன வாக்கு அது. மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர் வீரர்களுக்குச் சொன்ன அறிவுரை அன்று. உறுதிமொழிக்கு முன்னால் வரும் கவிதை, ‘நேர்மையாய் ஆடு, தோல்வியைத் தாங்கு’ என்று ஏவல் வினைகளால் நிறைந்திருந்தால், ஒரு மாணவி தன் வயதொத்தவர்களுக்கு உபதேசம் செய்வதாகத்தான் அது ஒலிக்கும். வரிசையில் வெயிலில் நிற்கும் பிள்ளைகள் அதைக் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ஆகவே ‘நீ’ என்ற முன்னிலையை அடியோடு விலக்கி, ‘நான்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் தலைவி தன்னைப் பற்றியே பேசும்படி அமைத்தோம்.

எங்கள் மாணவர் தலைவி கபடி ஆடுகிற பெண். ‘ஐயா, நேர்மை என்று பொதுவாகச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், எங்கள் மைதானத்தில் எது நடக்கிறதோ அதைச் சொன்னால் அவரவருக்கு உறைக்கும்’ என்று அவள் சொன்னாள். கபடியில் என்ன நடக்கிறது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அவள் எனக்கு விளக்கியதை அப்படியே தருகிறேன். பாடி வருபவளின் விரல் நுனி, பிடிக்க நிற்பவளின் சட்டை ஓரத்தில் பட்டாலும் அது தொடுகைதான். உடம்பில் பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஏழு பேர் நகரும் நெரிசலில் நடுவருக்கு அது தெரியாமல் போகலாம். தொட்டவளுக்கே சில சமயம் நிச்சயம் இருப்பதில்லை. பட்டது என்று ஐயமில்லாமல் அறிந்தவள் ஒருத்திதான், அவள் தொடப்பட்டவள். அந்த ஒரு கணத்தைப் பிடித்துக்கொண்டு இந்த நான்கு அடிகளை எழுதினேன்:

பார்க்கும் நடுவர் பாராத் தொடுகை
யார்க்கும் தெரியா தாயினும் எனக்குத்
தெரியும் என்பேன், தெளிவாய்க் கைதூக்கி
வரியைக் கடந்து வெளியே வருவேன்.

பாவகை ஆசிரியப்பா எனப்படும் அகவல்தான். விருத்தம் எழுதினால் இசையோடு பாடத் தோன்றும். அது கலையரங்க மேடைக்குப் பொருந்தும், திறந்த மைதானத்தில் இராகம் காற்றோடு போய்விடும். வெண்பாவின் தளைக்கட்டு அழகானதுதான். ஆனால் ஒரு முறை மட்டுமே கேட்கப் போகிறவர்களுக்கு, அடுத்த அடிக்கு ஓடிப் போகும் அதன் நடை சிரமம் தரும். அகவலில் நாற்சீர் ஓர் அடியாக நின்று, அடியின் முடிவில் மூச்சு விட இடம் கொடுக்கிறது. பேச்சுக்கு நெருங்கிய ஓசை என்பதால் பதினாறு வயதுப் பெண்ணின் வாயில் செயற்கையாகவும் ஒலிக்காது.

இனி ஒலிபெருக்கி. இதை நான் முன்னமே எழுதியிருக்க வேண்டும் என்று நீ நினைக்கும் அளவுக்கு இது முக்கியமானது. எங்கள் மைதானத்தில் மேடைக்கு அருகில் ஒரு குழாய் ஒலிபெருக்கியும், நூறு மீட்டர் ஓட்டம் முடியும் எல்லையில் இன்னொன்றும் கட்டுவார்கள். மின்கம்பியில் இரண்டுக்கும் குரல் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தாலும், ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும். ஆகவே மேடைப் பக்கம் நிற்பவர்களுக்குத் தொலைவில் உள்ள குழாயின் ஒலி ஏறத்தாழ 0.3 நொடி பிந்தி வரும். வேகமாகச் சொன்னால் ஒரு சீரின் மேல் அடுத்த சீர் ஏறிக் குழம்பிவிடும். கவிதை சொல்லும் நேரத்துக்கு மட்டும் தொலைவுக் குழாயை நிறுத்திவிடலாம்; ஆனால் கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குக் கேட்காது. நாங்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு, சீருக்குச் சீர் நிதானமாகச் சொல்லி, ஒவ்வோர் அடியின் முடிவிலும் மனத்துக்குள் ‘ஒன்று’ என்று எண்ணிவிட்டு அடுத்த அடியைத் தொடங்கும்படி அவளைப் பழக்கினோம்.

ஒத்திகையின்போது இரண்டு மாணவர்களை மைதானத்தின் கோடியில் நிறுத்தி, காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொன்னோம். நீயும் இதைக் கட்டாயம் செய்து பார். இருநூறு மீட்டர் ஓட்டத்தின் வளைவில் உள்கோட்டை மிதித்துத் தூரத்தைக் குறைத்துக்கொள்வதைப் பற்றி இரண்டு அடிகள் வைத்திருந்தோம். ‘கூட்டம் எழுப்பும் கூச்சல் வேண்டேன்’ என்று அவள் சொன்னது, கோடியில் நின்றவன் தாளில் ‘கூச்சல் வேண்டும்’ என்று இருந்தது. தமிழில் எதிர்மறை பெரும்பாலும் வினையின் கடைசி எழுத்துகளில்தான் வந்து நிற்கிறது. காற்று முதலில் தின்பதும் அந்தக் கடைசி எழுத்துகளைத்தான். பொருளே தலைகீழாகிவிடும் இடம் இது. அதனால் அடியை முடிக்கும் சொல்லின் கடைசி எழுத்துகளில் எதிர்மறை வராதபடி கவிதை முழுவதையும் ஒரு முறை சரிபார்த்தோம். அந்த அடிகள் இப்படி மாறின:

கோட்டைத் தாண்டிக் குறுக்கே ஓடினால்
கூட்டம் எழுப்பும் கூச்சல் எதற்கு?

கேள்வியாக மாறியதும் அவள் குரலும் இயல்பாக உயர்ந்தது. கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தது.

அவளுக்கு இன்னோர் ஆசை இருந்தது. 2012-ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்பெயினின் புர்லாடாவில் நடந்த நெடுந்தொலைவு ஓட்டத்தைக் கவிதையில் சேர்க்க வேண்டும் என்று கேட்டாள். முன்னால் ஓடிய கென்ய வீரர் ஏபெல் முட்டாய், ஓட்டம் முடிந்துவிட்டது என்று தவறாக எண்ணி எல்லைக் கோட்டுக்குச் சற்று முன்னரே தளர்ந்து நின்றுவிட்டார். பின்னால் வந்த இவான் ஃபெர்னாண்டஸ் அனாயா அவரைக் கடந்து போகாமல், சைகை காட்டி முன்னே போகச் செய்து, தாம் இரண்டாவதாகவே முடித்தார். இந்தச் செய்தியில் எனக்கு மிகவும் பயனுடையதாகத் தோன்றியது அதன் பின்பகுதி. அனாயாவின் பயிற்சியாளர் மார்ட்டின் ஃபிஸ், தாமே ஓடியிருந்தால் அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டிருப்பார் என்று வெளிப்படையாகச் சொன்னார். கடந்து ஓடியிருந்தால் எந்த விதியும் மீறப்பட்டிருக்காது என்பதும் உண்மைதான்.

இங்கேதான் எனக்கும் அவளுக்கும் நீண்ட பேச்சு நடந்தது. தொடுகையை ஒப்புக்கொள்வது விதிக்கு உட்பட்ட கடமை. தொடப்பட்டவள் வெளியேற வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. நடுவர் கவனிக்கவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது. முட்டாய்க்கு வழிவிட்டதோ விதி கேட்காத ஒன்று. அந்த நேரத்தில் அந்த மனிதருக்குத் தோன்றிய பெருந்தன்மை. முதலாவதைப் பள்ளி முழுவதன் சார்பிலும் வாக்காகக் கொடுக்கலாம். இரண்டாவதை ஒருவர் செய்து காட்டலாமே தவிர, அறுநூறு பேர் சார்பில் முன்கூட்டி வாக்களிக்க முடியாது. காப்பாற்ற முடியாத வாக்கைச் சுடருக்கு முன்னால் நின்று கொடுப்பதும் நேர்மைக் குறைவுதான் என்று நான் கருதினேன், அவளும் ஒப்புக்கொண்டாள். அந்த நிகழ்ச்சியை விழாவுக்கு முந்தைய காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உரைநடையாகச் சொல்ல வைத்தோம். கவிதையில் அதன் சாயலாக எல்லாராலும் செய்யக்கூடிய ஒன்றை மட்டும் வைத்து முடித்தோம்:

விழுந்தவர் கையை விரைந்து பிடித்து
எழுந்தபின் மட்டும் எதிர்த்துநின் றாடி
வென்றால் வெல்வோம், இல்லையேல்
வென்றவர் கைபற்றி வாழ்த்திடு வோமே.

ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்திய அடி, மூன்று சீராய்க் குறைவது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம். சொல்லும்போது அதற்கு ஒரு பயன் இருப்பதையும் கண்டோம்: ‘இல்லையேல்’ என்ற இடத்தில் ஒரு சீர் அளவுக்கு மௌனம் விழுகிறது, கேட்பவர்கள் அடுத்தது என்ன என்று காத்திருக்கிறார்கள். கடைசி ஏகாரம் நெடிலாக இருப்பதால் இழுத்து முடிக்கவும் வசதியாக இருக்கிறது. மொத்தம் பதினாறு அடிகள். மேலே உள்ளவை போக எஞ்சியவை தொடர் ஓட்டத்தையும் நீளந்தாண்டலையும் பற்றியவை. சொல்லி முடிக்க ஒன்றரை நிமிடம் ஆகிறது. அதற்கு மேல் நீட்டாதே. மனப்பாடமாகவே சொல்லட்டும், காற்றில் தாள் படபடக்கும் ஓசையும் ஒலிவாங்கியில் ஏறிவிடும்.

விழாவன்று கவிதைக்குப் பிறகு நடந்த ஒன்றை உனக்கு எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். கபடி அரையிறுதியில் தலைவியே ஒரு முறை கை தூக்கி வெளியேறினாள். நடுவர் அதை ஏற்றுக் குறித்துக்கொண்டார். ஆனால் இளையோர் ஆட்டத்தில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, கவிதை மனத்தில் பதிந்துபோன வேகத்தில், தன்மேல் படாத தொடுகைக்கும் கை தூக்கிவிட்டாள். பாடி வந்தவளே ‘நான் தொடவில்லை’ என்கிறாள், இவள் ‘பட்டது’ என்கிறாள், நடுவருக்கோ என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆட்டம் சிறிது நேரம் நின்றது. கடைசியில் நடுவர் தாம் பார்த்ததை வைத்து அவளை உள்ளேயே இருக்கச் சொன்னார். அது சரியான முடிவுதான். எனினும் இத்தகைய இடத்தில் யார் சொல் நிற்கும் என்பதை விழாவுக்கு முந்தைய நாளே நடுவர்கள் கூடித் தீர்மானித்து, அணித்தலைவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது. 1972-இல் ஒலிம்பிக்கில் நடுவர்களுக்கும் தனி உறுதிமொழி வந்தது. உன் பள்ளியில் நடுவர் சார்பாக நீயே இரண்டு அடி சொல்வதாக இருந்தால், அவற்றையும் எழுதித் தருகிறேன்.

கவிதையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். கடைசி நான்கு அடிகளை எடுத்துக்கொள். முன்பகுதியை மாற்றியே ஆக வேண்டும். உன் பள்ளியில் கபடியை விடக் கோ-கோ அதிகம் என்று நினைக்கிறேன். துரத்துபவர் திசை மாறுவதும் நடுக்கோட்டைத் தாண்டுவதும்தானே அங்கே அடிக்கடி எழும் சச்சரவு? உன் தலைவரிடமே கேட்டு, எந்த இடத்தில் பிள்ளைகளுக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது என்பதை இரண்டு மூன்று வரிகளில் எழுதி அனுப்பச் சொல். அவர் ஆணா பெண்ணா, குரல் கனமா மெலிதா, உங்கள் மைதானத்தில் குழாய்கள் எங்கே கட்டப்படும் என்பதையும் சேர்த்து எழுது. அவை கையில் வந்ததும் எழுதத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
வேலாயுதம்