பதினோரு முறை தீர்க்கப்பட்ட ஒரே புகார்

எங்கள் வார்டின் பாதாளச் சாக்கடைப் பராமரிப்பைக் கவனிக்கும் உதவிப் பொறியாளர் அவர்களுக்கும், புகார்களை முடித்துவைக்கும் அவருடைய அலுவலகத்தாருக்கும்,

வணக்கம்.

எங்கள் குறுக்குத் தெருவை நான் உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் வண்டி தானாகவே வழி கண்டுபிடித்து வந்துவிடும் அளவுக்குப் பழகிய தெரு. போன வாரம் நான்காவது மேன்ஹோல் மறுபடியும் பொங்கியது. மறுபடியும் வண்டி வந்தது, அடைப்பை எடுத்தது. வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிட்டது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது."

பதினான்கு மாதத்தில் இந்தச் செய்தி எனக்கு வருவது பதினோராவது முறை. பதினோரு எண்கள், பதினோரு தீர்வுகள், ஒரே மேன்ஹோல். உங்கள் கணக்கில் எங்கள் தெரு ஒரு சாதனைத் தெருவாகவே இருக்கும். பதினொன்றுக்குப் பதினொன்று, அத்தனையும் 24 மணி நேரத்துக்குள். எங்கள் கணக்கில் ஒரே புகார்தான், அது இன்னும் தீரவில்லை.

உங்கள் ஊழியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கூப்பிட்டால் வருகிறார்கள், முகம் சுளிக்காமல் வேலை செய்கிறார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. இனி அடைப்பை மட்டும் எடுக்காதீர்கள், அடைப்பு ஏன் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வருகிறது என்று பாருங்கள்.

நான் நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். ஒரு இயந்திரத்தில் பேரிங் போனால் மாற்றுவோம். அதே இடத்தில் இரண்டாவது முறை போனால் மாற்றிவிட்டு யோசிப்போம். மூன்றாவது முறை போனால் ஃபோர்மேன் புது பேரிங்கைக் கொடுக்க மாட்டார். ஷாஃப்ட் நேராக இருக்கிறதா, பெல்ட்டை அளவுக்கு மேல் இழுத்துக் கட்டியிருக்கிறோமா என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் ஸ்டோர் சாவி வெளியே வரும். அந்தப் பழக்கத்தில்தான் இந்த மேன்ஹோலுக்கும் ஒரு நோட்டு போட்டேன்.

நோட்டில் முதலில் கண்ணில் பட்டது இடைவெளி. ஆரம்பத்தில் ஏறக்குறைய 50 நாளுக்கு ஒருமுறை அடைத்தது. இப்போது 35 நாளுக்கு வந்திருக்கிறது. மழைக்காலம், கோடை என்ற வித்தியாசமே இல்லை. மழைநீர் கலப்பதால் பொங்குகிறது என்று ஒருமுறை சொன்னீர்கள். சித்திரை வெயிலிலும் பொங்கியதே, அது எந்த மழை?

இன்னொரு முறை, மக்கள் துணியையும் பிளாஸ்டிக்கையும் போடுகிறார்கள் என்று பதில் வந்தது. எங்கள் தெருக்காரர்கள் உத்தமர்கள் என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் கண்டபடி போட்டால் கண்ட இடத்தில் அல்லவா அடைக்க வேண்டும்? ஒவ்வொரு முறையும் நான்காவது மேன்ஹோல் விளிம்புவரை நிறைகிறது. அதற்கு அடுத்து, தண்ணீர் போகும் திசையில் உள்ள ஐந்தாவதைத் திறந்தால், அடியில் நூல் மாதிரி ஓடுகிறது. நீரேற்று நிலையத்தில் மோட்டார் நின்றதால் தேங்கியிருந்தால் ஐந்து, ஆறு, ஏழு எல்லாமே நிறைந்திருக்கும். ஆகவே கோளாறு அங்கே இல்லை. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே உள்ள சுமார் நூறடிக் குழாயில்தான் இருக்கிறது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டிய பாடம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

அப்புறம் மணல். ஜெட் வண்டியின் குழாயை நான்காவதில் விட்டால், அடைத்திருப்பது கீழ்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும், யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். இரண்டு மூன்று முறை அனுபவமுள்ள ஒரு ஊழியர் ஐந்தாவதிலிருந்து மேல்நோக்கி விட்டார். அப்போது கசடு பின்னோக்கி ஐந்தாவதுக்கு வந்து சேர்ந்தது, அதை வாளியில் அள்ளி வெளியே கொட்டினார்கள். துணி கொஞ்சம், எண்ணெய்க் கட்டி கொஞ்சம், மீதி எல்லாம் பருமனான மணல். வீட்டுக் கழிவறையிலிருந்து அவ்வளவு மணல் வராது. ஒன்பதாவது முறை, மணலோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு ஓடு வந்தது. பழுப்பு நிறம், ஒருபக்கம் மெருகு. பழைய ஸ்டோன்வேர் குழாயின் துண்டு. கழுவிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்த நூறடிக்குள் என்ன நடந்தது என்று தெருவில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். மழைநீர் வடிகாலுக்காகச் சாலையைக் குறுக்கே வெட்டினார்கள். அது வேறு துறை, உங்களுடையது அல்ல. சாக்கடைக் குழாய்க்கு அடிவரை தோண்டி, பின்பு அந்த மண்ணையே திமிசு போடாமல் தள்ளி மூடினார்கள். முதல் அடைப்பு அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்தது. இன்றும் வெட்டிய இடத்தில் தார் அரையடி அகலக் கோடாக உள்வாங்கிக்கொண்டே இருக்கிறது. இருசக்கர வண்டிகள் அங்கே குலுங்குகிற சத்தம் என் வாசல்வரை கேட்கும்.

ஸ்டோன்வேர் குழாய் வளையாது. சிமென்ட் பூசிய மூட்டும் வளையாது. அடியிலிருக்கும் மண் இறங்கினால் மூட்டு விரியும், விளிம்பு உடையும். விரிசல் வழியாக மணல் உள்ளே போகிறது, அதனால் மேலே சாலை இறங்குகிறது. குழாய் தொய்ந்த பள்ளத்தில் தண்ணீர் வேகம் குறைந்து நிற்கிறது. நின்ற தண்ணீரில் மணல் படிகிறது, மணலில் துணி மாட்டுகிறது. ஜெட் வண்டி நடுவில் ஒரு துளை போட்டுவிட்டுப் போகிறது. தண்ணீர் இறங்குகிறது, புகார் தீர்கிறது, மணல் மறுபடி சேர ஆரம்பிக்கிறது. இடைவெளி குறைந்துகொண்டே வருவதைப் பார்த்தால் விரிசல் பெரிதாகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். வேர் நுழைந்திருக்கலாம், யாரோ ஒருவர் வீட்டு இணைப்புக் குழாய் உள்ளே துருத்திக்கொண்டிருக்கலாம். பார்த்தால் தெரிந்துவிடும். கேமரா வண்டிக்கு வரிசை அதிகம் என்றால் பழைய வழி இருக்கிறதே! ஜெட் அடித்து முடித்த உடனே, மேலே மூன்றாவதில் அரை மணி நேரம் அடைப்பான் வைத்துத் தண்ணீரை நிறுத்துங்கள். நான்காவதில் கயிற்றில் ஒரு விளக்கை இறக்குங்கள். ஐந்தாவதில் கோலில் சாய்த்துக் கட்டிய கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். குழாய் நேராக இருந்தால் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரியும். தொய்ந்திருந்தால் தண்ணீர் நிற்கிற இடம் மறைத்து, மேல்பாதி மட்டும் பிறையாகத் தெரியும். மூட்டு விலகியிருந்தால் வட்டத்தின் ஓரம் கடித்தது போல இருக்கும். இதற்கு யாரும் உள்ளே இறங்க வேண்டியதில்லை, இறக்கவும் கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. முழு வட்டம் தெரிந்தால் அதே இடத்தில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எதிர்வீட்டுக் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் அவர் வீட்டுத் தரை சாலையை விட ஒன்றரை அடி கீழே போய்விட்டது. ஆகவே நான்காவது மேன்ஹோல் நிறைந்தால் மூடி திறப்பதற்கு முன்பே அவருடைய கழிவறைப் பீங்கானில்தான் முதலில் ஏறும். பழைய புடவையில் மணலைக் கட்டி ஒரு மூட்டை வைத்திருக்கிறார், அதைப் பீங்கான் வாயில் அழுத்தி வைக்கிறார். மூட்டையைத் தூக்க அவரால் முடியாது, காலால் தள்ளித் தள்ளிக் கொண்டுபோகிறார். ஒரு மாதம் ஆகிவிட்டது என்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். ராத்திரி எழ வேண்டி வந்து, அப்போது அது ஏறியிருந்தால் எங்கே போவது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அவருக்கு மட்டும் உங்கள் "தீர்க்கப்பட்டது" செய்தி வருவதில்லை. அவரிடம் கைப்பேசி கிடையாது.

உங்கள் புகார்ச் செயலியில் "மீண்டும் திற" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. முடித்த ஏழு நாளுக்குள் அழுத்த வேண்டும். எங்கள் அடைப்புக்கோ 35 நாள் ஆகிறது. ஏழு நாளுக்குள் அடைக்கும்படி அதனிடம் கேட்டுப் பார்க்கலாம், கேட்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் புது எண், புதுப் பிறவி, முன்ஜென்ம ஞாபகம் இல்லை. வண்டியோடு வருகிறவருக்கு இது பதினோராவது முறை என்று எந்தத் தாளும் சொல்வதில்லை. முடிக்கும்போது அவர் எழுதுவது மூன்று சொல்: "அடைப்பு நீக்கப்பட்டது, சரி." என்ன வந்தது, எந்தப் பக்கம் நிறைந்திருந்தது, எதுவும் இல்லை. தெருவிளக்குப் பிரிவும் இப்படித்தான். பல்பை மாற்றி மாற்றி எங்கள் கம்பத்துக்கு இதுவரை ஏழு பல்பு ஆகிவிட்டது, ஈரம் இறங்குகிற வயரை ஒருவரும் தொடவில்லை. குப்பைப் பிரிவைப் பற்றி ஆரம்பித்தால்... சரி, அது வேறு மடல். மன்னிக்கவும்.

உங்களால் முடிகிற காரியத்தைத்தான் கேட்கிறேன். அந்தப் பதினோரு எண்களையும் ஒரே புகாராகச் சேர்த்து, திறந்த நிலையில் உங்கள் மேசையில் வைத்திருங்கள். ஒரே மேன்ஹோல் 60 நாளுக்குள் திரும்பி வந்தால் அது வண்டிக்கு மட்டும் போகாமல் பொறியாளரிடமும் வரும்படி செய்யுங்கள். முடிக்கிறவர் மணலா, எண்ணெயா, துணியா, வேரா என்று ஒரு சொல் எழுதட்டும். குழாயை மாற்றுவது சின்ன வேலை இல்லை என்று தெரியும். தண்ணீரைப் பம்பு வைத்துத் திருப்பிவிட வேண்டும், சாலை வெட்ட அனுமதி வேண்டும், அந்த வேறு துறையோடு செலவுக்குச் சண்டை போட வேண்டும். அதற்கு எத்தனை மாதம் ஆனாலும் காத்திருப்போம். காரணம் தெரியும்வரை "தீர்க்கப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள்.

கடைசியாக அடைப்பு எடுத்தது இம்மாதம் 4-ஆம் தேதி. நோட்டுக் கணக்குப்படி அடுத்தது வரும் மாதம் 8 அல்லது 9-ஆம் தேதி. அன்றைக்கு வண்டியோடு நீங்களும் ஒருமுறை வர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஓட்டுத் துண்டைக் காட்டுகிறேன். விளக்கும் கண்ணாடியும் அலுவலகத்தில் இல்லையென்றால் என் வீட்டில் இருக்கின்றன.

இப்படிக்கு,
நான்காவது மேன்ஹோலுக்கு எதிரே குடியிருப்பவன்