பட்டில் கத்தரிக்கோல் வைக்க முன்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

அங்கே கனடாவில் ஸ்காபரோ அன்ரி கோபித்துக்கொண்டதைப் பற்றி நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். தன் மகளின் கலியாணத்துக்கு உடுக்கப்போகும் பட்டுச் சாறியைப் பிளவுஸ் தைக்கக் கொண்டுவந்து தந்தவர், "கழுத்தைக் கொஞ்சம் இறக்கி, கையை அளவா வைச்சு, பிடிப்பாத் தையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீ வட்ஸ்அப்பில் வரிசையாகக் கேள்வி அனுப்பியிருக்கிறாய். கழுத்து எத்தனை அங்குலம், கை எத்தனை அங்குலம், கொக்கி முன்னாலா பின்னாலா, நூல் என்ன நிறம், குஞ்சம் வேணுமா என்று. "தைக்கிற ஆளுக்குத் தெரியாதா?" என்று பதில் வந்திருக்கிறது. இனி ஒன்றும் கேட்காமல் தைத்துக் கொடுக்கவா என்று என்னிடம் கேட்கிறாய்.

வேண்டாம் பிள்ளை. ஆனால் நீ கேட்டவற்றில் பாதிக்கு மேல் கேட்டிருக்கத் தேவையில்லை என்பதும் உண்மை. விளங்காத ஒவ்வொன்றுக்கும், நான் நினைத்துச் செய்தது பிழைத்தால் என்ன போகும் என்று பார். நூல் போகுமா, ஒரு மணித்தியாலம் போகுமா, துணியே போகுமா? துணி போகும் என்றால், அவர் கோபித்தாலும் பரவாயில்லை, கேட்டே ஆக வேண்டும். நூல்தான் போகும் என்றால் உனக்குப் பட்டதைச் செய்துவிட்டு, கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். நூலின் நிறமும் குஞ்சமும் அந்த வகை. குஞ்சம் பிடிக்காவிட்டால் அவர் முன்னாலேயே வெட்டி எடுத்துவிடலாம். அதையும் கொக்கியையும் ஒரே வரிசையில் வைத்துக் கேட்டதால்தான் எல்லாம் தேவையில்லாத கேள்வி மாதிரி அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கொக்கி விசயம் அப்படியில்லை. முன்னால் திறப்பு என்றால் முதுகுப் பக்கத்தை மடித்த துணியில் ஒரே துண்டாக வெட்டுவாய், முன் பக்கம் இரண்டு துண்டாக வரும். பின்னால் திறப்பு என்றால் அப்படியே தலைகீழ். மாற்றி வெட்டிவிட்டால், நடுவில் விழுந்த வெட்டை எந்தத் தையலும் மறைக்காது. சாறியோடு வரும் பிளவுஸ் துண்டு பெரும்பாலும் 80 சென்ரிமீற்றர்தான். அதே நிறத்தில், அதே கரையோடு இன்னொரு துண்டை எங்கே போய் வாங்குவாய்? அதனால் இதைக் கேள். பதில் வராவிட்டால் தொலைபேசியில் எடுத்துக் கேள். "முன்னால் வைக்கிறேன், வேண்டாம் என்றால் சொல்லுங்கோ" என்று எழுதிவிட்டு, அவர் பேசாமல் இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது குஞ்சத்துக்குச் சரி, இதற்குச் சரிவராது. கலியாண வீட்டில் யார் ஒவ்வொரு செய்தியையும் திறந்து பார்க்கிறார்கள்?

கழுத்து இறக்கத்தைப் பற்றித்தான் உனக்கு நிறையச் சொல்ல வேண்டும். நீ அதை அங்குலக் கணக்கில் கேட்டாய். அவர் "எட்டு" என்று பதில் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்? எட்டங்குலம் தன் முதுகில் எங்கே வந்து நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. கேட்டதற்காக ஒரு எண்ணைச் சொல்வார், நீ அதை நம்பி வெட்டுவாய், போட்டுப் பார்த்ததும் "இவ்வளவு இறக்கச் சொல்லேல்லையே" என்பார். இருவர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும், பட்டு மட்டும் போய்விட்டிருக்கும். சொல்பவருக்கே தெரியாத ஒன்றைக் கேட்டு வாங்கும் பதிலில் பலன் இல்லை. கண்ணால் கண்டால்தான் அவருக்கு விடை தெரியும்.

ஆகவே இதைக் கேட்காதே, செய்து காட்டு. பட்டுக்கு எப்படியும் பருத்தி லைனிங் வைக்கத்தானே போகிறாய். லைனிங் துணியைத் தண்ணீரில் நன்றாக ஊறப்போட்டு, காயவைத்து, ஸ்திரி போட்டு எடு. ஊறப்போடாமல் தைத்தால் முதல் கழுவலிலேயே அது சுருங்கி, பட்டை உள்ளே இழுக்கும். பிறகு லைனிங்கை மட்டும் வெட்டி, பெரிய பெரிய இழையாகக் கையால் நூலோட்டி, பிளவுஸ் மாதிரிச் சேர்த்துக்கொள். கழுத்தை நீ நினைக்கிற இறக்கத்தை விட ஒரு அங்குலம் ஏற்றியே வெட்டு. அன்ரிக்கு அதைப் போட்டு, கண்ணாடி முன்னால் நிறுத்தி, முதுகைப் படம் எடுத்துக் காட்டு. "இன்னும் கொஞ்சம்" என்பார். அரை அங்குலம் சோக்கால் கீறிக் காட்டு. "ஆ, இது காணும்" என்று அவர் வாயால் வரும் இடத்தில் குண்டூசி குத்து. ஓரத்தை மடித்துத் தைக்கும்போது கழுத்து இன்னும் கால் அங்குலம் இறங்கும், அதைக் கழித்துக்கொண்டு பட்டை வெட்டு. பிழைத்தாலும் போவது ஒரு மீற்றர் பருத்தியும் அரை மணித்தியாலமும்தான்.

ஏற்றி வெட்டச் சொன்னதைக் கவனித்தாயா? ஏறிய கழுத்தை எப்போதும் இறக்கலாம், இறங்கிய கழுத்தை ஏற்ற முடியாது. என்னிடம் ஒரு பிள்ளை வேறு இடத்தில் தைத்த பிளவுஸைக் கொண்டுவந்தாள். முதுகு மிகவும் இறங்கியிருந்தது. அதே நிறத் துணி கிடைக்காமல், வலை மாதிரியான நெற் துணி வைத்து மேலே ஒரு துண்டு சேர்த்துக் கொடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் அவள் ஆசைப்பட்ட பிளவுஸ் அது இல்லை. ஊகித்துத்தான் செய்ய வேண்டும் என்று வந்தால், திருத்தக்கூடிய பக்கமாகப் பிழை விழுகிற மாதிரி ஊகி.

பிடிப்பாகத் தையுங்கோ என்றதற்கும் இதுதான். இதில் பட்டு ஒரு கள்ளத்தனம் செய்யும், அதைத் தெரிந்துவைத்துக்கொள். பருத்தியில் தையலைப் பிரித்துக் கழுவி ஸ்திரி போட்டால் ஊசித் துளை அநேகமாக மறைந்துவிடும். பட்டில் அப்படி மறையாது. தையலைப் பிரித்த பட்டை யன்னலுக்கு நேரே பிடித்துப் பார், வரிசையாகப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும். ஸ்திரிப் பெட்டி அழுத்திய மடிப்புக் கோடும் போகாது. இறுக்கமாகத் தைத்துவிட்டுப் பிறகு தளர்த்தினால் அந்தத் துளைகள் வெளியே வந்து நிற்கும். தளர்வாகத் தைத்துவிட்டுப் பிறகு பிடித்தால் பழைய துளைகள் உள்ளே போய்விடும், யாருக்கும் தெரியாது. அதனால் பக்கத் தையலுக்கு உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டுவை. முதல் தையல் தளர்வான பக்கமாக இருக்கட்டும். எவ்வளவு பிடிப்பு என்று கேட்டு அவரை அலுப்பாக்க வேண்டாம். போட்டுப் பார்த்து, கையைத் தூக்கச் சொல்லி, இருக்கச் சொல்லி, அப்புறம் பிடி.

கை அளவு என்னைப் பல தரம் யோசிக்க வைத்த விசயம். கரை இல்லாத துணி என்றால் கையைக் கொஞ்சம் நீட்டி வெட்டி, அவர் சொல்லும் இடத்தில் கீழே மடித்துவிடலாம், கேள்வியே வேண்டாம். ஆனால் நீ அனுப்பிய படத்தில் பிளவுஸ் துண்டில் நல்ல அகலமான கரை இருக்கிறது. அந்தக் கரைதான் கையின் ஓரமாக வரும். அதைக் கீழே மடித்தால் சரிகை உள்ளே போய்விடும், ஆகவே குறைப்பதென்றால் தோள் பக்கமாகத்தான் குறைக்க வேண்டும். அப்போது கைக்குழியோடு சேரும் வளைவை மறுபடி வெட்ட வேண்டி வரும், துணியும் மட்டு. அதே "அளவான கை", ஒரு துணியில் செய்து பார்க்கலாம், இன்னொரு துணியில் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். இதற்கும் அங்குலம் கேட்காதே. அவருக்குப் பிடித்த பழைய பிளவுஸ் ஒன்றைக் கொண்டுவரச் சொல். லைனிங் கையையும் நூலோட்டி, கரை எங்கே முடியும் என்று கையிலேயே காட்டு.

கேட்பதற்கும் ஒரு செலவு இருக்கிறது, போட்டுப் பார்க்கக் கூப்பிடுவதற்கும் இருக்கிறது. அது இடத்துக்கு இடம் மாறும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் வரைக்கும் அங்கிருந்து வரும் பெண்கள் பாதை என்கிற படகில் ஏறித்தான் இந்தப் பக்கம் வர வேண்டியிருந்தது. மூதூரில் இருந்து வந்தவர்கள் அப்போது லோஞ்சில் வருவார்கள். ஒரு கேள்விக்காக அவர்களைத் திரும்ப வரச் சொல்வது ஒரு நாள் பாட்டைக் கெடுப்பது. அதனால் துணியைக் கையில் வாங்கும்போதே, ஆள் எதிரில் நிற்கும்போதே, துணி போகிற கேள்விகளை நான் கேட்டு முடித்துவிடுவேன். மத்திய வீதிப் பக்கத்துப் பெண்கள் என்றால் அந்த அவசரம் இல்லை, பின்னேரம் கோயிலுக்குப் போகிற வழியில் ஏறிப் போட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்குக் கேள்வியே குறைவு, எல்லாம் போட்டுப் பார்த்துத்தான்.

உன் அன்ரி பனிக்குள் கார் ஓடி வர வேண்டிய ஆள். அவரை மூன்று தரம் வரவைத்தால், ஒவ்வொன்றும் சின்னத் திருத்தம் என்றாலும் அடுத்த பிளவுஸை உன்னிடம் தரமாட்டார். ஒரே வருகையில் கழுத்து, பிடி, கை மூன்றையும் பார்த்துவிடு. அவரால் வரவே முடியாது என்றால், செய்து பார்ப்பது உனக்கு மலிவாக இராது. அப்போது அளவுக்குப் பழைய பிளவுஸை வாங்கி, அதைப் போலவே வெட்டு. "கொஞ்சம் இறக்கி" என்றால் அந்தப் பிளவுஸில் இருந்து எவ்வளவு என்று, நாடாவை வைத்துப் படம் எடுத்து அனுப்பிக் கேள்.

ஒன்றை நீ கேட்கவே இல்லை. எந்தத் திகதிக்கு வேணும்? கலியாணத்துக்கு என்றால் கலியாண நாளா, அதற்கு முந்திய பொன்னுருக்கலா? அதை இன்றைக்கே கேள். நாள் தெரிந்தால்தான் போட்டுப் பார்க்க நேரம் இருக்கிறதா என்று உனக்குத் தெரியும்.

அன்ரிக்கு இப்படி எழுது: "அன்ரி, கொக்கி முன்னாலா பின்னாலா, எந்தத் திகதிக்கு வேணும், இந்த இரண்டையும் மட்டும் சொல்லுங்கோ. வாற கிழமை பழைய பிளவுஸ் ஒன்றும் கொண்டு ஒருக்கா வாங்கோ, கழுத்தையும் கையையும் போட்டுப் பார்த்தே முடிவெடுப்பம்." அவ்வளவும் போதும்.

லைனிங்கை அவருக்குப் போட்டதும் முன்னாலும் பின்னாலும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. கைக்குழி இழுக்கிறதா என்று நான் பார்க்க வேணும். இங்கே இரவு என்றாலும் பரவாயில்லை, முழித்திருப்பேன். அதுவரைக்கும் பட்டைத் தொடாதே.

அன்புடன்,
அம்மா