தினக் கணக்கு வேறு, தினக் கூட்டுவட்டி வேறு

ஆசிரியருக்கு,

வணக்கம். சேமிப்புக் கணக்கு பற்றித் தங்கள் பணப் பக்கத்தில் வந்த கட்டுரை, "வங்கிகள் இப்போது தினமும் வட்டி கணக்கிடுவதால் ஒரு லட்சம் ரூபாய் 4 சதவீதத்தில் ஒரே வருடத்தில் 1,04,080.85 ஆகும்" என்கிறது. பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் நம் ஊர் வங்கிகளில் பெரும்பாலானவற்றில் அந்தத் தொகை வராது. தினமும் கணக்கிடுவதையும் தினமும் அசலோடு சேர்ப்பதையும் கட்டுரை ஒன்றாக எடுத்துக்கொண்டுவிட்டது.

2010 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கில் நிற்கும் இருப்புக்கு வட்டி கணக்கிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் அப்படிச் சேரும் வட்டி தனியாக ஒரு ஓரத்தில்தான் நிற்கும். வரவு வைக்கும் நாளில்தான் அது அசலோடு கலக்கும். அதற்குப் பிறகுதான் வட்டிக்கு வட்டி. பெரும்பாலான வங்கிகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு வைக்கின்றன, சில வங்கிகள் மாதாமாதம் வைக்கின்றன.

பணத்தைத் தொடாமல் வைத்தால் ஒரு லட்சம் எப்படி வளரும் என்று பார்ப்போம். காலாண்டு வரவில் முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்து 1,010, பிறகு 1,020.10, கடைசியில் 1,030.30. மொத்தம் 4,060.40. மாதாமாதம் சேர்த்தால் 4,074.15. தினமும் சேர்த்தால் கட்டுரையில் உள்ள 4,080.85. மாத வரவுக்கும் தின வரவுக்கும் ஒரு வருடத்தில் உள்ள வித்தியாசம் 6 ரூபாய் 70 காசு. ஒரு டீக்குக்கூடப் போதாது.

ஏன் இவ்வளவு குறைவு? முதல் நாளின் வட்டி 10 ரூபாய் 96 காசு. அதை அன்றே அசலில் சேர்த்தால், மறுநாள் அந்தப் 10.96-க்குக் கிடைக்கும் வட்டி ஒரு காசில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. முப்பது நாள் இப்படித் துளித்துளியாகச் சேர்ந்தும், மாதக் கடைசியில் கிடைப்பது 52 காசுதான் அதிகம். மாத முறையில் நாம் இழப்பது அந்த மாதத்துக்குள் ஓரத்தில் காத்திருந்த வட்டியின் வட்டியை மட்டும்தான். மாதம் முடிந்ததும் இரண்டு முறையிலும் வட்டி அசலுக்குள் வந்துவிடுகிறது.

மனக்கணக்குக்கு ஒரு வழி உண்டு. அசலை வட்டி விகிதத்தால் இரண்டு முறை பெருக்கி 24-ஆல் வகுத்தால், மாதத்துக்கும் தினத்துக்கும் உள்ள ஓராண்டு வித்தியாசம் கிட்டத்தட்ட வந்துவிடும்: 1,00,000 × 0.04 × 0.04 ÷ 24 = 6.67. விகிதம் இரண்டு முறை பெருக்கப்படுவதால், வட்டி குறைந்தால் இந்த வித்தியாசம் அதைவிட வேகமாகக் கரையும். 2.5 சதவீதத்தில் ஒரு லட்சத்துக்கு 2 ரூபாய் 57 காசுதான். 7 சதவீதம் கிடைத்தாலும் 21 ரூபாய். விகிதம் ஒரு சதவீதப் புள்ளியில் நூறில் ஒரு பங்கு, அதாவது 4 என்பது 3.99 ஆகக் குறைந்தால், லட்சத்துக்கு வருடம் சுமார் 10 ரூபாய் போய்விடும். ஆகவே தினமும் சேர்க்கும் 3.99 சதவீதத்தைவிட மாதாமாதம் சேர்க்கும் 4 சதவீதமே வாடிக்கையாளருக்கு லாபம்: முன்னதில் 4,070.44, பின்னதில் 4,074.15. "தினசரி கூட்டுவட்டி" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு விகிதத்தைச் சிறிய எழுத்தில் போடும் விளம்பரத்தை இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை, காசு முழுமையாக்குவதில் இருக்கிறது. இருப்பு 1,000 ரூபாய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி 10.96 காசு. தினமும் வரவு வைத்து, ஒவ்வொரு நாளும் அருகிலுள்ள காசுக்கு முழுமையாக்கினால் 11 காசு விழும். வருடம் முழுக்க இருப்பு ஏறினாலும் அது 11 காசுக்கு மேல் போகாது. 12 காசு விழ இருப்பு 1,049 ரூபாயைத் தாண்ட வேண்டும். 365 நாளுக்கு 40.15 ரூபாய். மாதாமாதம் சேர்த்தால் 40.74! சின்ன இருப்பில் தினக் கூட்டுவட்டி மாதக் கூட்டுவட்டியிடம் தோற்றுப்போகிறது. தசமப் புள்ளிக்குப் பின் உள்ளதை வெட்டிவிடும் முறையானால் 39.77தான் வரும். தினமும் வரவு வைக்கும் திட்டம் ஏதாவது கண்ணில் பட்டால், காசை எந்த இடத்தில் முழுமையாக்குகிறார்கள் என்று கேட்பது அவசியம்.

அப்படியானால் 2010 மாற்றத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் பெரிது, ஆனால் அது கூட்டுவட்டியால் வந்ததல்ல. அதற்கு முன் மாதத்தின் 10-ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்கு மட்டுமே வட்டி. 30 நாள் மாதம் ஒன்றில் கணக்கில் ஒரு லட்சம் இருந்து, 28-ஆம் தேதி 90,000 எடுத்தால், பழைய முறையில் அந்த மாதம் முழுக்க வெறும் 10,000 ரூபாய்க்குத்தான் வட்டி. அன்றைய 3.5 சதவீதத்தில் 29 ரூபாய் 17 காசு. புதிய முறையில் 27 நாள் ஒரு லட்சத்துக்கும், மீதி 3 நாள் 10,000-க்கும் வட்டி: 261 ரூபாய் 78 காசு. ஒரே மாதத்தில் 232 ரூபாய் வித்தியாசம். கட்டுரையாளர் வியந்த லாபம் இதுதான். அதற்குத் தவறான பெயர் சூட்டிவிட்டார்.

அந்தப் பழைய முறை இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. அஞ்சலக சேமிப்புக் கணக்கில் இன்றும் 10-ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடைப்பட்ட குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. அதுவும் நிதியாண்டு முடிவில் ஒரே தடவை வரவு. அங்கே அதே 4 சதவீதத்தில் ஒரு லட்சத்துக்கு 4,000 மட்டுமே, உள்ளே கூட்டுவட்டி இல்லை. பணம் போடுகிறவர்கள் 10-ஆம் தேதிக்குள் போட வேண்டும். எடுக்கிறவர்கள் முடிந்தால் அடுத்த மாதம் பிறக்கும்வரை பொறுக்க வேண்டும்.

தன் கணக்கு எந்த வகை என்று அறிய மேலாளரைப் பார்க்க வேண்டியதில்லை. பாஸ்புக்கில் ஒரு வருடத்து வட்டி வரவுகளை எண்ணுங்கள். நான்கு இருந்தால் காலாண்டு, பன்னிரண்டு இருந்தால் மாதம். தொகை சரியா என்று பார்க்க, முந்தைய வரவுக்கும் இந்த வரவுக்கும் இடையில் ஒவ்வொரு நாளின் இறுதி இருப்பையும் கூட்டி, விகிதத்தின் சதவீத எண்ணால், அதாவது 4 சதவீதமானால் 4-ஆல் பெருக்கி, 36,500-ஆல் வகுக்க வேண்டும். பரிவர்த்தனை இல்லாத ஞாயிறு, விடுமுறை நாட்களையும் விடாமல் எண்ணுங்கள். வீட்டில் போடும் கணக்கு வங்கிக் கணக்கோடு ஒத்துவராமல் போவது பெரும்பாலும் அங்கேதான். இருப்புக்கு ஏற்ப விகிதம் மாறும் வங்கியாக இருந்தால் ஒவ்வொரு அடுக்கையும் தனியாகப் பெருக்க வேண்டும்.

கட்டுரையின் அட்டவணையில் 1,04,080.85 என்பதை 1,04,060.40 என்று மாற்றி, அந்தப் பத்தியின் தலைப்பைக் "காலாண்டு வரவு" என்று திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
கும்பகோணம்.